தூசி என்று நினைத்து மச்சத்தை அழித்துவிட்டேன்: லேயர், ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், கோப்பு வெர்ஷனுக்குப் பெயர்

கறுப்புவெள்ளை · 3 ஆகஸ்ட் 2025, இரவு 9.40

பாட்டியின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை இரண்டு வருடம் முன்பு ஸ்கேன் செய்தேன். முகத்தில் நிறையப் புள்ளிகள். ஃபோட்டோஷாப்பில் திறந்து, ஸ்பாட் ஹீலிங் பிரஷ் எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். லேயர் எதுவும் போடவில்லை, நேராக பேக்கிரவுண்டிலேயே செய்தேன். முடிந்ததும் அதே பெயரில் சேமித்துவிட்டேன். போன வாரம் சித்தி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா கன்னத்தில் மச்சம் இருக்குமே, எங்கேடா அது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நான் துடைத்த புள்ளிகளில் ஒன்று அதுதான்.

அச்சுப் படம் பெரியப்பா வீட்டிலிருந்து வாங்கியது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் வீடு மாறியபோது அந்த ஆல்பமே காணாமல் போய்விட்டது. ஆக, மச்சம் இருந்த படம் இப்போது யாரிடமும் இல்லை.

மிச்சம் இருநூறு படங்களாவது தப்பட்டும் என்று ஒரு வழி யோசித்திருக்கிறேன். படத்தைத் திறந்ததும் முதல் வேலையாக `Convert to Smart Object` கொடுத்துவிடுவது, அதற்கு மேல்தான் எல்லாம் செய்வது. அப்படிச் செய்தால் அசல் உள்ளே பத்திரமாக இருக்கும் அல்லவா? ஸ்கேன் கோப்பைத் தனியாக வைத்திருக்க வேண்டிய அவசியம் உண்டா?

கோப்புறை · 3 ஆகஸ்ட் 2025, இரவு 10.15

அவசியம் இல்லை. ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் என்றாலே அசல் பிக்சல்கள் அப்படியே உள்ளே இருக்கும். எவ்வளவு சுருக்கினாலும் திரும்பப் பெரிதாக்கலாம், ஃபில்டர் போட்டாலும் எடுத்துவிடலாம். நான் டிஃப் கோப்புகளையெல்லாம் நீக்கிவிட்டு பிஎஸ்டி மட்டும் வைத்திருக்கிறேன். இடமும் மிச்சம்.

இருட்டறை · 4 ஆகஸ்ட் 2025, காலை 6.30

கோப்புறை சொல்வதில் பாதி சரி. சுருக்குவது, திருப்புவது, ஃபில்டர் போடுவது எல்லாம் உள்ளே இருப்பதைத் தொடாது. ஆனால் தயவுசெய்து டிஃப் கோப்பை நீக்காதீர்கள். காரணம் சொல்கிறேன்.

திறந்த படத்தை `Convert to Smart Object` கொடுத்து மாற்றும்போது உள்ளே போவது உங்கள் டிஃப் கோப்பு அல்ல. அந்த நேரத்தில் லேயரில் இருக்கும் பிக்சல்களை வைத்து ஃபோட்டோஷாப் உருவாக்கும் ஒரு புதிய பிஎஸ்பி கோப்பு. மாற்றுவதற்கு முன்பே 16 பிட்டை 8 பிட்டாகக் குறைத்திருந்தாலோ, ஓரத்தை வெட்டியிருந்தாலோ, அந்தக் குறைபாட்டோடுதான் உள்ளே போகும். `Place Embedded` கொடுத்துக் கொண்டுவந்தால் கதை வேறு. அப்போது கோப்பே உள்ளே போகிறது, `Export Contents` கொடுத்தால் வந்த வடிவத்திலேயே வெளியே எடுக்கலாம்.

இன்னொன்று. ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் பூட்டு இல்லாத பெட்டி. லேயரை இருமுறை சொடுக்கினால் உள்ளே இருக்கும் படம் தனிக் கோப்பாகத் திறக்கும். அதில் பிரஷ் ஓட்டிச் சேமித்தால் அசல் மாறிவிடும். அப்புறம், பிஎஸ்டி கோப்பு ஒன்று கெட்டால் அசலும் திருத்தமும் ஒன்றாகப் போகும். ஸ்கேன் தனிக் கோப்பாக, எழுத முடியாதபடி, வேறொரு வட்டில் இருக்கட்டும். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் உங்கள் திருத்தத்தை உங்களிடமிருந்தே காப்பாற்றும். வட்டுக் கோளாறிலிருந்து காப்பாற்றாது.

கறுப்புவெள்ளை · 4 ஆகஸ்ட் 2025, இரவு 8.05

நல்லவேளை கேட்டேன். இன்று சோதித்துப் பார்த்தேன், ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் மேல் ஹீலிங் பிரஷ் நேரடியாக வேலை செய்யவில்லை. ராஸ்டரைஸ் செய்யவா என்று கேட்கிறது. கொடுத்தால் பழைய கதைதான். அதனால் மேலே ஒரு வெறும் லேயர் போட்டு, `Sample` என்ற இடத்தில் `Current & Below` தேர்ந்து, அதில் துடைத்தேன். கண் குறியை அணைத்தால் பழைய புள்ளிகள் எல்லாம் திரும்ப வருகின்றன. பாட்டி படத்துக்கு இதைச் செய்திருந்தால் சித்தியிடம் பதில் சொல்லியிருப்பேன்.

மழைத்துளி · 5 ஆகஸ்ட் 2025, மதியம் 1.20

வெர்ஷன் பற்றிய இழை என்று பார்த்து வந்தேன். என்னிடம் ஃபோட்டோஷாப் இல்லை, கிம்ப் 2.10 இருக்கிறது. எந்த வெர்ஷன் போட்டால் இந்த வேலைக்கு நல்லது?

கறுப்புவெள்ளை · 5 ஆகஸ்ட் 2025, மதியம் 2.00

நான் யோசிப்பது மென்பொருளின் வெர்ஷன் பற்றி அல்ல, ஒரே படத்தை மூன்று தடவை திருத்தினால் கோப்புகளுக்கு எப்படிப் பெயர் வைப்பது என்பதைப் பற்றி. இருந்தாலும் கேள்வி நல்லது. கிம்ப் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இருட்டறை · 5 ஆகஸ்ட் 2025, இரவு 9.10

மழைத்துளி, 3.0க்கு மாறுங்கள். 2025 மார்ச்சில் வந்தது. 2.10இல் ஃபில்டர் போட்டால் அது பிக்சலோடு கலந்துவிடும். 3.0இல் ஃபில்டர் லேயரோடு தனியாக நிற்கும், பிறகு திறந்து மாற்றலாம், அணைக்கலாம். புள்ளி துடைக்க அங்கேயும் மேலே வெறும் லேயர் போட்டு, குளோன் கருவியில் `Sample merged` குறியிட்டுச் செய்யலாம். எக்ஸ்சிஎஃப் வடிவத்தில் சேமியுங்கள், ஜேபெக் வடிவத்தில் லேயர் நிற்காது.

கறுப்புவெள்ளை · 11 ஆகஸ்ட் 2025, இரவு 11.30

ஒரு வாரம் செய்து பார்த்ததில் ஒரு சிக்கல். தாத்தாவும் அவர் தம்பியும் நிற்கிற படம், நடுவே மடிப்புக் கோடு. அச்சு 4×6 அங்குலம், 600இல் ஸ்கேன் செய்தேன். 2400×3600 பிக்சல், 16 பிட் வண்ணத்தில் ஏறக்குறைய 52 எம்பி.

செய்த வரிசை இது. ஸ்கேனை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கினேன். அதன் மேல் கேமரா ரா ஃபில்டர் போட்டு, மங்கியிருந்த படத்தைக் கொஞ்சம் அடர்த்தியாக்கினேன். அப்புறம் மேலே வெறும் லேயர் போட்டு மடிப்புக் கோட்டைச் சரி செய்தேன். மிக நன்றாக வந்தது. மறுநாள் பார்த்தபோது அடர்த்தி கூடிவிட்டதாகத் தோன்றி, ஃபில்டரைத் திறந்து குறைத்தேன். அவ்வளவுதான், மடிப்பு இருந்த இடமெல்லாம் துணியில் ஒட்டுப்போட்ட மாதிரி கறுப்பாகத் தெரிகிறது. ஃபில்டரை மாற்றலாம் என்பதற்காகத்தானே ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்? மாற்றினால் இரண்டு மணி நேர வேலை போகிறதே.

இருட்டறை · 12 ஆகஸ்ட் 2025, காலை 6.10

பிழை ஃபில்டரில் இல்லை, வரிசையில் இருக்கிறது. நீங்கள் ஒட்டிய துண்டுகள், ஃபில்டர் போட்ட பிறகு தெரிந்த நிறத்தைத்தான் எடுத்துக்கொண்டன. அவை சாதாரணப் பிக்சல்கள், கீழே ஃபில்டர் மாறினால் அவற்றுக்குத் தெரியாது. கீழே உள்ளது வெளுக்கும், துண்டுகள் பழைய அடர்த்தியிலேயே நிற்கும்.

துடைக்கும் வேலை எப்போதும் நிற வேலைக்கு அடியில் இருக்க வேண்டும். இப்படிச் செய்யுங்கள். ஸ்கேனைத் திறந்து, எந்த ஃபில்டரும் போடாமல், பேக்கிரவுண்டுக்கு மேல் வெறும் லேயர்கள் போட்டு அதில் துடையுங்கள். முழுதும் முடிய வேண்டும் என்றில்லை, பிறகும் தொடரலாம். பிறகு ஸ்கேன் லேயரையும் துடைத்த லேயர்களையும் சேர்த்துத் தேர்ந்து, எல்லாவற்றையும் ஒரே ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்குங்கள். கேமரா ரா, கர்வ்ஸ், நேராக்குவது, வெட்டுவது எல்லாம் வெளியே. இனி எதை மாற்றினாலும் ஸ்கேனும் ஒட்டுத்துண்டும் சேர்ந்தே மாறும்.

விட்டுப்போன புள்ளி தெரிந்தால் இருமுறை சொடுக்கி உள்ளே போய், அங்குள்ள வெறும் லேயரில் துடைத்து, `Ctrl+S` கொடுத்து மூடுங்கள். `Save As` கொடுத்து வேறு இடத்தில் வைத்தால் வெளியே இருக்கும் படத்தில் எதுவும் மாறாது. பலர் அங்கே குழம்பிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

வெட்டும்போது `Delete Cropped Pixels` குறியை எடுத்துவிடுங்கள்.

கோப்புறை · 12 ஆகஸ்ட் 2025, காலை 9.45

இவ்வளவு சுற்ற வேண்டாம். ஃபில்டருக்குப் பதிலாக கர்வ்ஸை அட்ஜஸ்ட்மென்ட் லேயராக எல்லாவற்றுக்கும் மேலே போட்டால் போதும். அது அடியில் இருக்கும் ஸ்கேன், துண்டு இரண்டையும் சேர்த்தே மாற்றும். ஸ்மார்ட் ஆப்ஜெக்டே தேவையில்லை.

இருட்டறை · 12 ஆகஸ்ட் 2025, மதியம் 12.30

இது முழுக்கச் சரி. நிறம், அடர்த்தி மட்டும் என்றால் அதுவே போதும், கோப்பும் சிறியதாக இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை. கர்வ்ஸ் லேயர் மேலே இருக்கும்போது `All Layers` என்று வைத்துத் துடைத்தால் கர்வ்ஸின் விளைவும் துண்டில் ஏறி, இரண்டு தடவை அடர்த்தி ஆகிவிடும். `Current & Below` வைத்து, துடைக்கும் லேயர் கர்வ்ஸுக்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை. கூர்மையாக்குவது, இரைச்சல் குறைப்பது, சாய்வைத் திருத்துவது போன்றவற்றுக்கு அட்ஜஸ்ட்மென்ட் லேயர் கிடையாது. அங்கேதான் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் வேண்டும்.

கறுப்புவெள்ளை · 17 ஆகஸ்ட் 2025, மாலை 5.00

தாத்தா படத்தை முதலிலிருந்து மறுபடி செய்தேன். உள்ளே மூன்று வெறும் லேயர்: தூசி, மடிப்பு, முகம். முகத்தில் தொட்டதெல்லாம் தனி லேயரில். பிஎஸ்டி 190 எம்பி வந்திருக்கிறது, பரவாயில்லை. இந்த மூன்றாகப் பிரிப்பது எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. சித்தி "முகத்தில் ஒன்றும் செய்யாதே" என்றால் ஒரு கண் குறியை அணைத்தால் போதும்.

அதோடு ஒரு வழி கண்டுபிடித்தேன். முகம் என்ற லேயருக்கு சிவப்பில் `Color Overlay` போட்டால், நான் தொட்ட இடமெல்லாம் சிவப்புத் திட்டாகத் தெரிகிறது. அதை ஒரு ஜேபெக் ஆக்கிச் சித்திக்கு அனுப்பினேன். "தாடையில் இருக்கிற சிவப்பு என்ன? அது தழும்பு, சைக்கிளில் விழுந்தது" என்றார். இதுவும் போயிருக்கும்! அந்தத் துண்டை மட்டும் அழிப்பானால் எடுத்துவிட்டேன், தழும்பு திரும்ப வந்துவிட்டது. இனி ஒவ்வொரு படமும் சிவப்புத் திட்டோடு ஒரு தடவை வீட்டுப் பெரியவர்களிடம் போய்த்தான் வரும்.

இருட்டறை · 17 ஆகஸ்ட் 2025, இரவு 7.40

அந்தச் சிவப்பு யோசனையை நானும் எடுத்துக்கொள்கிறேன்.

எது தூசி, எது முகத்தில் இருந்தது என்று தெரிந்துகொள்ள இருட்டறைக் காலத்துக் கணக்கு ஒன்று உண்டு. நெகட்டிவ் மேல் தூசி இருந்தால் அது ஒளியை மறைக்கும், அச்சில் வெள்ளைப் புள்ளியாக விழும். கறுப்புப் புள்ளி அப்படி வராது. நெகட்டிவில் ஊசித்துளை இருந்தால் வரலாம், அல்லது அச்சின் மேல் பிறகு ஏதாவது படிந்திருக்கலாம். அதனால் கறுப்பு வெள்ளை அச்சில் முகத்தில் கறுப்பாக ஒரு புள்ளி இருந்தால், உடனே துடைக்கக் கையை ஓங்காதீர்கள்.

ஓரத்தையும் பாருங்கள். 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால், மச்சத்தின் விளிம்பு கண், புருவம் இருக்கும் அளவுக்கே மென்மையாக இருக்கும், படத்தின் துகள் அதன் மேலும் தொடரும். அச்சின் மேல் ஒட்டிய அழுக்கு படத்தைவிடக் கூர்மையாக, துகளே இல்லாமல் இருக்கும். அச்சு கையில் இருந்தால் பக்கவாட்டில் விளக்கு வைத்துப் பாருங்கள், கீறலும் அழுக்கும் மேடுபள்ளமாகத் தெரியும். ஸ்கேனர் கண்ணாடியில் இருக்கும் தூசியா என்று சந்தேகம் என்றால் அச்சைச் சற்று நகர்த்தி இன்னொரு ஸ்கேன் எடுங்கள். கண்ணாடித் தூசி கண்ணாடியிலேயே நிற்கும், படத்தில் வேறு இடத்தில் விழும்.

கறுப்புவெள்ளை · 18 ஆகஸ்ட் 2025, காலை 7.15

பாட்டி படத்தில் அந்தப் புள்ளி கறுப்புதான். இப்போது நினைவுக்கு வருகிறது. மற்றவை எல்லாம் வெள்ளை.

கறுப்புவெள்ளை · 30 ஆகஸ்ட் 2025, இரவு 10.20

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை என் கோப்புறையில் பாட்டி, பாட்டி புதுசு, பாட்டி ஃபைனல், பாட்டி ஃபைனல் சித்திக்கு என்று இருந்தன. எது எதிலிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. இப்போது இப்படி வைக்கிறேன்:

```
K012_s01.tif
K012_s01_e01.psd
K012_s01_e02.psd
K012_s01_e02_p01.jpg
```

K என்பது எந்தப் பெட்டி. 012 அந்தப் பெட்டியில் 12ஆவது அச்சு. பென்சிலால் அச்சின் பின்னாலும் அதே எண்ணை மெதுவாக எழுதுகிறேன். s என்பது ஸ்கேன், e என்பது திருத்தம், p என்பது பிறருக்குக் கொடுத்த பிரதி. யாராவது கைபேசியில் ஒரு ஜேபெக் காட்டினால், அது முதல் ஸ்கேனின் இரண்டாம் திருத்தத்திலிருந்து வந்தது என்று பெயரைப் பார்த்தே சொல்லலாம்.

எப்போது எண்ணைக் கூட்டுவது என்பதில் தடுமாறினேன். ஒவ்வொரு நாளும் சேமிக்கும்போது கூட்டினால் நாற்பது கோப்பு சேர்கிறது. கடைசியில் ஒரு விதி வைத்துக்கொண்டேன். அந்தத் திருத்தத்திலிருந்து ஒரு பிரதியாவது வீட்டை விட்டு வெளியே போயிருந்தால், அதன் பிறகு அதில் கை வைக்கக் கூடாது. அடுத்த எண்ணில்தான் வேலை. போகாதவரை e01 என்ற அதே கோப்பில் எத்தனை தடவை வேண்டுமானாலும் சேமிக்கலாம், லேயர் இருக்கிறதே.

கோப்புறை · 31 ஆகஸ்ட் 2025, காலை 8.30

பெயரில் தேதியே இல்லையே? நான் எப்போதும் ஆண்டை முன்னால் வைப்பேன். அடுக்கினால் குடும்பக் கதை வரிசையாக வந்துவிடும். K012 என்றால் யாருக்கு என்ன புரியும்? நாளை நீங்கள் இல்லாதபோது பிள்ளைகள் திறந்தால்?

கறுப்புவெள்ளை · 31 ஆகஸ்ட் 2025, காலை 9.50

நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் இருபது படத்துக்கு ஆண்டு போட்டேன். அதில் ஏழு படத்துக்கு ஆண்டு தவறு என்று பெரியவர்கள் திருத்தினார்கள், அதிலும் மூன்றுக்கு இன்னொருவர் மறுபடி திருத்தினார். ஒவ்வொரு தடவையும் பெயர் மாற்றினால், முன்பே கொடுத்த பிரதிகளில் பழைய பெயர் இருக்கும். அச்சின் பின்னால் இருக்கும் எண் மாறாது. ஆண்டை மெட்டாடேட்டாவில் எழுதுகிறேன், அங்கே எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம்.

இருட்டறை · 31 ஆகஸ்ட் 2025, இரவு 8.00

இதில் இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது, என்னால் தீர்ப்பு சொல்ல முடியவில்லை. ஆண்டு போடுவது என்றால் தெரியாத இலக்கத்துக்கு X போடலாம், `196X` என்று. ஐஎஸ்ஓ 8601-2 தரத்தில் 2019இல் அப்படி ஒரு முறை வந்தது. அடுக்கும்போது எண்களுக்குப் பிறகு எழுத்து வருவதால் `1969`க்கு அடுத்து `196X` நிற்கும், அந்தப் பத்தாண்டின் கடைசியில். நல்ல இடம்தான். சந்தேகத்தைக் காட்ட அதே தரத்தில் கேள்விக்குறியும் உண்டு, ஆனால் விண்டோஸில் கோப்புப் பெயரில் கேள்விக்குறி வராது.

பெயரை விடப் பெரிய விஷயம் ஒன்று. `Place Linked` பயன்படுத்துகிறீர்களா? அப்படியென்றால் ஸ்கேன் கோப்பின் பெயரை மாற்றினால், இடத்தை மாற்றினால், பிஎஸ்டி அதைத் தேடித் தவிக்கும். லேயரில் சிவப்புக் கேள்விக்குறி வரும். வெளியே கோப்பு மாறியிருந்தால் மஞ்சள் முக்கோணம் வரும். பெயரை முடிவு செய்த பிறகுதான் இணைக்க வேண்டும். குடும்பப் படத்துக்கு நான் இணைப்பதே இல்லை, கோப்பு பெரிதானாலும் உள்ளே வைத்துவிடுவேன். பிஎஸ்டி 2 ஜிபி வரைதான் தாங்கும், அதைத் தாண்டினால் பிஎஸ்பி. ஒற்றை அச்சுக்கு அது வராது.

பெரியபெட்டி · 2 செப்டம்பர் 2025, மாலை 4.10

என் அனுபவம் ஒன்று, லேயர் பற்றியது அல்ல. நான் கோப்புறைகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்தேன். பழைய மேக் வட்டிலிருந்து லினக்ஸ் கணினிக்கு ஒத்திசைத்த பிறகு "தோட்டம்" என்று இரண்டு கோப்புறைகள். கண்ணுக்கு ஒரே மாதிரி. ஒன்றில் 40 படம், இன்னொன்றில் 52. தேடல் பெட்டியில் அடித்தால் ஒன்றுதான் வருகிறது. வைரஸ் என்றே நினைத்தேன்.

இருட்டறை · 2 செப்டம்பர் 2025, இரவு 9.00

வைரஸ் இல்லை, ஓகாரம்! யூனிகோடில் தோ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ோ என்ற ஒரே குறியாக வைக்கலாம், அல்லது ே, ா என்று இரண்டு குறிகளாகப் பிரித்து வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ்+ வட்டு பெயர்களைப் பிரித்தே வைக்கும். லினக்ஸ் இரண்டையும் வேறு வேறு பெயராகவே பார்க்கும். ொ, ோ, ௌ மூன்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. கி, கை, கே போன்றவற்றுக்கு இல்லை.

இரண்டையும் ஒரே பெயர் என்று நினைத்து ஒன்றை நீக்கிவிடாதீர்கள். முதலில் ஒன்றின் பெயரை வேறாக்கிவிட்டு, படங்களை ஒப்பிட்டுச் சேருங்கள்.

பெரியபெட்டி · 3 செப்டம்பர் 2025, காலை 10.00

சேர்த்துவிட்டேன். 31 படம் இரண்டிலும் இருந்தது. நன்றி சார். கோப்புக்கு எண், தமிழ் விவரம் உள்ளே மெட்டாடேட்டாவில் என்று நானும் மாறப்போகிறேன்.

கறுப்புவெள்ளை · 14 செப்டம்பர் 2025, இரவு 9.30

ஸ்கேன் கோப்பு மாறவில்லை என்று உறுதி செய்ய, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் எடுத்து உரைக் கோப்பில் வைக்கிறேன்:

```
certutil -hashfile K012_s01.tif SHA256
```

நேற்று ஓட்டிப் பார்த்தால் ஒன்பது கோப்புகளின் எண் மாறியிருக்கிறது. பதறிப்போனேன். பிறகுதான் புரிந்தது, அந்த ஒன்பதுக்கும் நானே பெயர் விவரத்தை டிஃப் கோப்பின் உள்ளே எழுதியிருக்கிறேன். படம் மாறவில்லை, கோப்பு மாறியிருக்கிறது. கணினிக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகஸ்ட் 31இல் ஆண்டை மெட்டாடேட்டாவில் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று எழுதினேனே, அதை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: s கோப்பின் உள்ளே அல்ல, அதே பெயரில் பக்கத்தில் நிற்கும் எக்ஸ்எம்பி கோப்பில். e, p கோப்புகளில் உள்ளேயே எழுதலாம்.

மழைத்துளி · 20 செப்டம்பர் 2025, இரவு 8.15

கிம்ப் 3.0 போட்டேன். அம்மாவின் கல்லூரிப் படத்தில் கர்வ்ஸ் போட்டு மூடி, மறுநாள் திறந்து குறைத்தேன், அப்படியே மாறுகிறது. ஆனால் நானும் அதே தவறைச் செய்திருக்கிறேன், துண்டு கறுப்பாகத் தெரிகிறது. லேயரை வரிசை மாற்றினால் சரியாகுமா?

கறுப்புவெள்ளை · 20 செப்டம்பர் 2025, இரவு 9.00

ஆகாது. துண்டில் நிறம் ஏற்கெனவே ஏறிவிட்டது. கர்வ்ஸை நீங்கள் துடைத்த அன்று இருந்த அளவுக்கே திரும்பக் கொண்டுபோனால் மறையும், அவ்வளவுதான். இல்லையென்றால் கர்வ்ஸை அணைத்துவிட்டு அந்த இடங்களை மறுபடி துடைக்க வேண்டும். நான் மறுபடிதான் செய்தேன்.

கறுப்புவெள்ளை · 9 நவம்பர் 2025, இரவு 11.50

பாட்டியின் படம் கிடைத்துவிட்டது. சின்னத் தாத்தா வீட்டுப் பெட்டியில், அதே நெகட்டிவிலிருந்து எடுத்த இன்னொரு அச்சு. கன்னத்தில் மச்சம் இருக்கிறது. பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

பழைய அச்சுக்கு K012 என்ற எண் இருப்பதால், இதற்கு `M004_s01.tif` என்று வைத்தேன், வேறு பெட்டி, வேறு அச்சு. முதலில் சோம்பலில் ஒரு குறுக்கு வழி பார்த்தேன். பழைய கோப்பைப் புது முறைக்கு மாற்றி, அதில் மிச்சமிருந்த மடிப்பு, தூசி எல்லாம் ஏற்கெனவே லேயர்களில் செய்திருந்தேன். ஸ்மார்ட் ஆப்ஜெக்டைத் திறந்து அடியில் புது ஸ்கேனை வைத்துவிட்டால் வேலை மிச்சம் என்று நினைத்தேன். வைத்துப் பார்த்தால் முகமே எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. பழைய படத்தில் பாட்டி இடப்பக்கம் பார்க்கிறார், புது அச்சில் வலப்பக்கம். இரண்டில் ஒன்றில் நெகட்டிவைப் புரட்டி வைத்து அச்சிட்டிருக்கிறார்கள்.

கண்ணாடிபோலத் திருப்பிப் பார்த்தும் துண்டுகள் பொருந்தவில்லை. எல்லாம் சில பிக்சல் தள்ளி நிற்கின்றன, அளவும் லேசாக வேறு.

இருட்டறை · 10 நவம்பர் 2025, காலை 6.20

பொருந்தாது. ஒரே அச்சை இரண்டு தடவை ஸ்கேன் செய்தாலே அரைப் பிக்சல் விலகும், இது வேறு அச்சு. அதோடு அச்சின் கீறல்கள் அந்த அச்சுக்கே உரியவை. துடைத்த லேயர் எந்த ஸ்கேன் மேல் செய்ததோ அதற்கு மட்டும்தான். உங்கள் பெயரில் e என்பது s எண்ணைச் சுமந்து வருவது அதனால்தான் சரி.

எது நேர் என்று அச்சின் தரத்தை வைத்துச் சொல்ல முடியாது. என்லார்ஜரில் நெகட்டிவ் புரண்டிருந்தாலும் படம் கூர்மையாகவே விழும். படத்தின் உள்ளே தடயம் தேடுங்கள். எழுத்து ஏதாவது தெரிகிறதா, சட்டைப் பொத்தான், கைக்கடிகாரம், தலை வகிடு?

கறுப்புவெள்ளை · 10 நவம்பர் 2025, இரவு 8.45

எழுத்து எதுவும் இல்லை, பின்னால் வெறும் திரைச்சீலை. கைகள் படத்தில் வரவில்லை. வகிடு நடுவில்.

கறுப்புவெள்ளை · 23 நவம்பர் 2025, மாலை 6.30

M004இல் முதலிலிருந்து துடைத்தேன், வெள்ளைப் புள்ளிகளை மட்டும். சிவப்புத் திட்டோடு சித்தியிடம் காட்டியாயிற்று, எதையும் தவறாகத் தொடவில்லை என்றார். மச்சம் வலது கன்னம் என்று சித்தி சொல்கிறார். சின்னத் தாத்தா இடது என்கிறார், அவர் பாட்டிக்கு இளையவர், கூடவே வளர்ந்தவர். இருவரும் உறுதியாக இருக்கிறார்கள்.

துடைத்த லேயர்கள் எல்லாம் ஸ்மார்ட் ஆப்ஜெக்டின் உள்ளே இருப்பதால், படத்தைத் திருப்புவதை வெளியே செய்தேன், உள்ளே எதையும் தொடவில்லை. `M004_s01_e01.psd` அச்சில் இருக்கிறபடி. `M004_s01_e02.psd` திருப்பியது. இரண்டிலிருந்தும் ஒவ்வொரு p01 எடுத்து, ஒன்றைச் சித்திக்கும் ஒன்றைச் சின்னத் தாத்தாவுக்கும் கொடுத்தேன். எக்ஸ்எம்பியில் இருவர் சொன்னதையும் எழுதி வைத்திருக்கிறேன். பாட்டி இருக்கும் வேறு படங்கள் இன்னும் 60 ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கின்றன. அதில் ஒன்றிலாவது பின்னால் எழுத்து இருக்கிறதா என்றுதான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.